‘பெர்மன்டேஷன்’ என்று எழுதுவதா, ‘நொதித்தல்’ என்று எழுதுவதா?

கேள்வி: அட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 10க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளைத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போய் வந்து, சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு பந்தி எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை எழுதியது இது: “ஸ்டோருக்கு வரும் கொழுந்தை முதலில் விதரிங் செய்வார்கள். அப்போது கொழுந்தில் உள்ள தண்ணீர் ட்ரான்ஸ்பிரேஷன் ஆகிறது. பிறகு ரோலரில் போடும்போது செல் உடைந்து என்சைம் வெளியே வருகிறது. அடுத்தது பெர்மன்டேஷன். அந்த அறையில் ஹியூமிடிட்டி கூட இருக்க வேண்டும். கடைசியாக டிரையரில் போட்டு என்சைமைக் கொல்வார்கள்.” ஆங்கிலத்தையெல்லாம் கலைச்சொல்லாக மாற்றிக் கொடுத்தேன். இப்போது எழுதிய பிள்ளைக்கே அது விளங்கவில்லை. எதை மாற்றுவது, எதை விடுவது?

பதில்:

டீச்சர், பந்தியைத் தமிழ் ஒரு பக்கம் ஆங்கிலம் ஒரு பக்கம் என்று பிரிக்காமல், ஒவ்வொரு சொல்லும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். சில சொற்கள் தொழிற்சாலையில் இருக்கும் பொருளுக்கோ கட்டத்துக்கோ பெயர். ரோலர், டிரையர், விதரிங் எல்லாம் அந்த வகை. வேறு சில சொற்கள் ஏன் அப்படி நடக்கிறது என்பதை விளக்குகின்றன. செல், என்சைம், ட்ரான்ஸ்பிரேஷன் ஆகியவை இந்தப் பக்கம். விளக்குகிற சொல் பாடநூலில் உள்ளபடி இருக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளை அதை வகுப்பில் படித்த பாடத்தோடு சேர்த்துப் பார்க்கப் போகிறது. பெயர்ச் சொல் அங்கே வேலை செய்பவர்கள் சொல்கிறபடி இருந்தால் போதும்.

ஆனால் இந்தப் பந்தியில் அதற்கு முன்பே ஒரு சிக்கல் இருக்கிறது. பெர்மன்டேஷன், ட்ரான்ஸ்பிரேஷன் என்ற இரண்டு சொல்லும் விஞ்ஞானப்படி இங்கே பொருந்தாது. பொருந்தாத சொல்லை நல்ல தமிழில் மாற்றினால், பிழையும் நல்ல தமிழில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் திருத்தத்தில் பெர்மன்டேஷன் ‘நொதித்தல்’ ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அகராதியைப் பார்த்து மாற்றினால் அப்படித்தான் வரும்.

நொதித்தல் என்று நம் பாடநூல் சொல்வது எதை? மதுவம் சீனிக் கரைசலில் வளரும்போது நடப்பதை. பாணுக்கு மா பொங்குவதும் கள் நுரைப்பதும் அதனால்தான். குளுக்கோசு உடைந்து எதனோலும் காபனீரொட்சைட்டும் வருகின்றன:

C₆H₁₂O₆ → 2C₂H₅OH + 2CO₂

இந்தச் சமன்பாட்டில் ஒட்சிசன் உள்ளே போகவில்லை. ஓர் உயிருள்ள நுண்ணங்கி ஒட்சிசன் இல்லாமலே சக்தி பெறும் வழி இது.

தேயிலையில் நடப்பது வேறு. இலையின் கலத்துக்குள் பொலிபீனோல்கள் ஓரிடத்திலும், அவற்றை மாற்றக்கூடிய நொதியம் இன்னோரிடத்திலும் இருக்கின்றன. இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. ரோலர் இலையை நசுக்கிப் பிழியும்போது கலங்களின் உள்ளமைப்பு சிதைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலிருந்து ஒட்சிசனும் சேர்ந்ததும், பொலிபீனோல்கள் ஒட்சியேறி, தேநீருக்கு அந்தச் செம்மஞ்சளையும் கடுஞ்சிவப்பையும் கொடுக்கிற சேர்வைகளாகின்றன. பச்சை மறைந்து செம்பு நிறம் வருகிறது. மதுவத்துக்கோ வேறு நுண்ணங்கிக்கோ இங்கே வேலை இல்லை. நொதியம் இலையுடையது, ஒட்சிசன் காற்றுடையது. ஆகவே இந்த இடத்துக்குரிய சொல் ஒட்சியேற்றம்.

பிள்ளைகள் தொழிற்சாலையில் கண்ணால் பார்த்ததே இதற்குச் சாட்சி சொல்லும். நசுக்கிய இலையைக் குவித்து மூடி வைக்காமல் மெல்லிய படையாகப் பரப்பி வைத்திருந்தார்களே, அது ஏன் என்று கேளுங்கள். காற்று படவேண்டும் என்பதற்காகத்தான். நொதித்தல்தான் நோக்கம் என்றால் பரப்ப வேண்டிய தேவையே இல்லை.

வகுப்பிலும் செய்து காட்டலாம், செலவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு பிடி கொழுந்து எடுத்து மூன்று பங்காக்குங்கள். முதல் பங்கைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து ஆறவிட்டு, அதன்பிறகு உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்குங்கள். மற்ற இரண்டு பங்கையும் பச்சையாகவே கசக்குங்கள். அவற்றில் ஒன்றை வெள்ளைப் பீங்கானில் பரப்பி வையுங்கள். மற்றதை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை பிதுக்கி வெளியேற்றிக் கட்டிவிடுங்கள். பாட நேரம் முடிவதற்குள் பீங்கானில் உள்ளது பழுப்பாகத் தொடங்கும். பைக்குள் இருப்பது மெதுவாகத்தான் மாறும். கொதிநீரில் போட்டது மங்கிய பச்சையாகவே கிடக்கும், செம்பு நிறத்துக்கு வராது. ஒட்சிசன் வேண்டும் என்பதைப் பையும், நொதியம் வேண்டும் என்பதைக் கொதிநீரும் காட்டிவிடுகின்றன. பச்சைத் தேயிலை செய்பவர்கள் கொழுந்துக்கு முதலில் ஆவி பிடிப்பதோ சூடாக்குவதோ இந்தக் காரணத்துக்காகத்தான். கசக்கும்போது போதிய அழுத்தம் கொடுக்காவிட்டால் மூன்றும் ஒரே மாதிரி பச்சையாகக் கிடந்து பிள்ளைகளைக் குழப்பும். கை ஈரமாகிப் பிசுபிசுக்கும்வரை கசக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் தொழிற்சாலையில் ஏன் பெர்மன்டேஷன் என்கிறார்கள் என்று பிள்ளை கேட்கும். லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867இல். அப்போது என்சைம் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை, 1870களின் பிற்பாதியில்தான் கூனே என்ற ஜேர்மன் விஞ்ஞானி அதை உருவாக்கினார். இலை நிறம் மாறி வாசனையும் மாறுவதைப் பார்த்தவர்கள், தெரிந்த ஒன்றின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது. டீ மேக்கரிடம் போய் அது தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அது அந்தக் கட்டத்தின் பெயர், அவ்வளவுதான்.

இதனால்தான் அந்தச் சொல்லைப் பந்தியிலிருந்து முழுக்கத் தூக்கிவிடாதீர்கள் என்கிறேன். அந்தப் பிள்ளையின் மாமாவோ பெரியம்மாவோ ஸ்டோரில் வேலை செய்யலாம். வீட்டில் கேட்கிற சொல் அதுதான். ‘தொழிற்சாலையில் இந்தக் கட்டத்துக்குப் பெர்மன்டேஷன் என்று பெயர், நடப்பதோ ஒட்சியேற்றம்’ என்று எழுதினால் வீட்டுச் சொல்லும் பாடச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். அடைப்புக்குறிக்குள் போடுவதைவிட இது நல்லது. அடைப்புக்குறி இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடும். இங்கே அவை ஒன்றல்ல.

ட்ரான்ஸ்பிரேஷனுக்கு வருவோம். இதன் பாடநூல் சொல் ஆவியுயிர்ப்பு. மரத்தில் இருக்கும் இலை, வேர் உறிஞ்சி மேலே அனுப்பிய நீரை இலைவாய்களின் வழியே நீராவியாக விடுவதைப் படிப்பிக்கும்போது சொல்கிறோம். பறித்த கொழுந்துக்கு வேரும் இல்லை, மேலே வரும் நீரும் இல்லை. வாட்டும் தொட்டியில் கீழிருந்து விசிறி காற்றைத் தள்ளுகிறது, இலையிலுள்ள நீர் போகிறது. இதற்கு ‘ஆவியாதல்’ போதும். இலை என்றதும் ஆவியுயிர்ப்பு என்று பிள்ளையின் கை போய்விடுகிறது. சரியான பாடத்திலிருந்து தவறான இடத்துக்கு வந்த சொல், அவ்வளவுதான். இந்த மாதிரிப் பிழையை ஆங்கிலச் சொல் மறைத்துவிடும். ‘ட்ரான்ஸ்பிரேஷன்’ என்று படிக்கும்போது காது ஒன்றும் சொல்லாது. ‘ஆவியுயிர்ப்பு’ என்று எழுதிப் பார்த்தால் உயிர்ப்பு என்ற பகுதி உறுத்தும், பறித்துப்போட்ட இலைக்கு இது சரியா என்று கேட்கத் தோன்றும். நல்ல கலைச்சொல்லால் கிடைக்கும் லாபம் இதுதான் என்பது என் கருத்து. அழகுக்காக அல்ல, பிழையைக் கண்டுபிடிக்க உதவுவதால்.

செல், என்சைம் இரண்டிலும் யோசிக்க ஒன்றுமில்லை. கலம், நொதியம் என்று மாற்றுங்கள். இரண்டும் பாடநூலில் பல தடவை வந்த சொற்கள், தரம் 10 பிள்ளைக்குப் புதிதல்ல. ஒரு சின்னக் கவனம் மட்டும். நொதியமும் நொதித்தலும் ஒரே வேரிலிருந்து வருவதால், நொதியம் வேலை செய்தால் அது நொதித்தல்தானே என்று பிள்ளை நினைக்கலாம். ஆங்கிலத்திலும் இதே கதைதான், என்சைம் என்பதன் கிரேக்க மூலத்துக்கு ‘புளிமாவுக்குள் இருப்பது’ என்று அர்த்தம். நம் வயிற்றில் சோறு செரிப்பதும் நொதியத்தால்தான், அதை யாரும் நொதித்தல் என்பதில்லை. இந்த ஒரு உதாரணம் சொன்னால் குழப்பம் போய்விடும்.

பொலிபீனோலுக்குத் தமிழ் தேட வேண்டாம். சேர்வைகளின் பெயரை ஒலிபெயர்த்து எழுதுவதே நம் பாடநூல் வழக்கம். ஒட்சிசன், ஐதரசன், குளுக்கோசு, அமிலேசு எல்லாம் அப்படி வந்தவை. அந்த வழக்கத்துக்கு ஒரு தனி எழுத்து முறை உண்டு, வட எழுத்துகளை முடிந்தவரை தவிர்ப்பது. ஆகவே ஒரு வாக்கியத்தில் ஒட்சிசன் என்றும் அடுத்ததில் ஆக்சிஜன் என்றும் வரக்கூடாது.

இந்தக் கலப்பு பெரும்பாலும் இணையத்திலிருந்து வருகிறது. பிள்ளைகள் போனில் தேடும்போது கிடைப்பது தமிழ்நாட்டுப் பாடச் சொற்கள். ஆக்சிஜனேற்றம், ஒளிச்சேர்க்கை, நீராவிப்போக்கு எல்லாம் நல்ல சொற்கள்தான், அங்கே படிக்கிற பிள்ளைக்கு. இங்கே ஒட்சியேற்றம், ஒளித்தொகுப்பு, ஆவியுயிர்ப்பு என்று படித்த பிள்ளைக்கு அவை வேறு ஏதோ மூன்று செயல்முறைகள்போலத் தெரியும். இதைவிட ஆபத்து, இரு பக்கமும் ஒரே சொல்லை வேறு பொருளில் வைத்திருப்பது. ‘நிறை’ என்றால் நமக்குப் புவி ஒரு பொருளை இழுக்கும் விசை, நியூட்டனில் அளப்பது. பொருளில் உள்ள சடத்தின் அளவுக்கு நாம் சொல்வது திணிவு. தமிழ்நாட்டுப் பாடநூலிலோ அந்தத் திணிவுக்குப் பெயர்தான் நிறை, நம் நிறைக்குப் பெயர் எடை. கொழுந்து நிறுப்பதைப் பற்றி ஒரு பிள்ளை அங்கிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டினால், சொல் எல்லாம் தமிழாக இருக்கும், பௌதிகம் பிழையாக இருக்கும்.

ஹியூமிடிட்டிதான் இந்தப் பந்தியில் எனக்கு உண்மையிலேயே இரண்டு மனமாக இருக்கும் இடம். பாடநூல் சொல் சாரீரப்பதன். உங்கள் திருத்தத்தில் பிள்ளை முதலில் தடுக்கியது இதில்தான் என்று பந்தயம் கட்டுவேன். சாரீரம் என்றால் பாட்டுக் குரல் என்று தெரிந்த பிள்ளைக்கு, தேயிலை அறைக்குள் சாரீரம் எங்கிருந்து வந்தது? சார் + ஈரப்பதன் என்று பிரித்துக் காட்டினால்தான் புரியும். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய உச்ச நீராவி அளவோடு சார்த்தி, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது. சொல் சரியாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது, சந்தி சேர்ந்ததில் தையல் மறைந்துவிட்டது.

இங்கே நான் கேட்பது, அந்தச் சொல் இந்தப் பந்திக்குத் தேவையா என்பதுதான். பிள்ளை எழுதியதில் எண் ஒன்றும் இல்லை. ‘அந்த அறையில் காற்று ஈரமாக இருக்க வேண்டும்’ என்றால் முடிந்தது, கலைச்சொல்லும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். ஏன் ஈரமாக இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்தால் இன்னும் நல்லது. பரப்பிய இலையின் மேற்பகுதி காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் நிறம் மாறுவது தடைப்படும். ஆனால் பிள்ளை அங்கே தொங்கும் இரண்டு வெப்பமானியையும் பார்த்து, ஒன்றின் குமிழைச் சுற்றி ஈரத்துணி இருப்பதைக் கவனித்து, இரண்டு வாசிப்புகளையும் குறித்து வந்திருந்தால் கதை வேறு. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் குறையக் குறைய காற்று ஈரமானது. அட்டவணையைப் பார்த்து 95 வீதம் என்று எழுதினால், எதன் 95 வீதம் என்று சொல்ல வேண்டிவரும். அப்போது சாரீரப்பதனைத் தவிர்க்க முடியாது. எண் வந்தால் கலைச்சொல், எண் இல்லையென்றால் சாதாரணப் பேச்சு. இதை ஒரு விதியாகவே எழுத மாட்டேன், ஆனால் பெரும்பாலும் ஒத்துவரும்.

‘என்சைமைக் கொல்வார்கள்’ என்பதையும் அப்படித்தான். நொதியம் உயிரல்ல, அது ஒரு புரதம், கொல்ல முடியாது. டிரையரில் 90 பாகை செல்சியசைத் தாண்டிய காற்று படும்போது புரதத்தின் வடிவம் குலைந்து அது வேலை செய்யாமல் போகிறது. ‘வெப்பத்தால் நொதியம் செயலிழக்கிறது’ என்பது போதும். இதற்கு மேல் ஒரு கலைச்சொல்லைத் தேடி வைத்தால், பிள்ளை சொல்லை மனப்பாடம் செய்துவிட்டு விஷயத்தை விட்டுவிடும்.

இயந்திரங்களை விட்டுவிடுங்கள். ரோலரை ‘உருளைப்பொறி’ என்று மாற்றியிருந்தால் திரும்ப ரோலராக்குங்கள். அந்தத் தொழிற்சாலையில் அந்தப் பெயரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. விதரிங்கை மட்டும் மாற்றலாம், ஏனென்றால் ‘வாட்டுதல்’ என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது, யாரும் உட்கார்ந்து ஆக்கிய சொல் அல்ல. ஸ்டோர் என்பது தோட்டத்துக்கு வெளியே இருப்பவருக்குக் கடை அல்லது களஞ்சியம். சுவர்ப் பத்திரிகையை நகரத்துப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்றால் ‘தொழிற்சாலை’ என்று வையுங்கள். உங்கள் பாடசாலைக்குள் மட்டும் என்றால் ஸ்டோர் இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, எல்லாம் சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

“தொழிற்சாலைக்கு வரும் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான் இருக்கிறது. முதலில் அதை நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்றைச் செலுத்தி வாட்டுகிறார்கள். நீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போவதால் இலை துவளுகிறது. பிறகு ரோலரில் நசுக்கும்போது கலங்கள் சிதைகின்றன. அதுவரை கலத்துக்குள் வெவ்வேறு இடங்களில் இருந்த பொலிபீனோல்களும் நொதியமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு நொதியம் பொலிபீனோல்களை ஒட்சியேற்றுகிறது. பச்சை இலை செம்பு நிறமாகிறது. தொழிற்சாலையில் இந்தக் கட்டத்துக்குப் பெர்மன்டேஷன் என்று பெயர். ஆனால் மதுவம் செய்யும் நொதித்தல் இங்கே நடப்பதில்லை. பரப்பிய இலை காய்ந்துவிடாதபடி அறையின் காற்றை ஈரமாக வைத்திருக்கிறார்கள். கடைசியில் டிரையரின் சூடான காற்றில் நொதியம் செயலிழக்கிறது. ஒட்சியேற்றம் நின்று இலையும் காய்கிறது.”

எண்ணிப் பாருங்கள், தேர்ந்தெடுத்து வைத்த கலைச்சொல் மிகக் குறைவு. கலம், நொதியம், ஒட்சியேற்றம், ஆவியாதல், நொதித்தல், மதுவம். எல்லாம் பிள்ளை ஏற்கெனவே படித்தவை. புதிதாக வந்தது பொலிபீனோல் ஒன்றுதான், அது ஒரு சேர்வையின் பெயர். முதல் வடிவத்தை விட நீளம் கூடியிருக்கிறது, அதற்குக் காரணம் ‘ஏன்’ என்பது உள்ளே வந்ததுதான்.

தவணைப் பரீட்சையில் இதையே கேட்டால் பெர்மன்டேஷன் வாக்கியத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அங்கே படிப்பவர் பாடநூல் சொல்லைத் தேடும் ஆசிரியர், ஸ்டோரில் என்ன சொல்கிறார்கள் என்பது அவருக்கு வேண்டாம். மறுபக்கம், உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்துப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரப்போகிறது, அதனால் இப்போதே ஆங்கிலச் சொல்லைப் பழக்கினால் என்ன என்று பெற்றோர் கேட்பார்கள். பழக்கலாம். அதற்கு இடம் பந்தி அல்ல, கொப்பியின் பின்பக்கம். ஒட்சியேற்றம் என்று எழுதி அதற்கு எதிரே ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்திலேயே, சரியான எழுத்துக்கூட்டலோடு எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் ‘ஒக்சிடேஷன்’ என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு அந்த எழுத்துக்கூட்டல் வராது. ஆங்கிலம் கற்றதாகவும் ஆகாது, தமிழ்ச் சொல்லும் கைவிட்டுப் போயிருக்கும்.

சுவர்ப் பத்திரிகையில் படமும் வரைவார்கள்தானே. படத்தின் கீழ் தொட்டி, ரோலர், டிரையர் என்று தொழிற்சாலைப் பெயர்களை எழுதவிட்டு, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் அம்புக்குறிகளின் மேல் மட்டும் ஆவியாதல், கலம் சிதைதல், ஒட்சியேற்றம் என்று எழுதச் சொல்லுங்கள். டிரையருக்குப் பிறகு வரும் அம்புக்குறியின் மேல் என்ன எழுதலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். ‘நொதியம் செத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், அந்தக் கொதிநீர்ப் பங்கை இன்னொரு தடவை காட்ட வேண்டியிருக்கும்.